"மிகவும் நல்லவர், மிகவும் அழகான ஊர்": இதையே வேறு எப்படி எழுதுவது?

செல்வி_கோவில்பட்டி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தாவின் முதலாமாண்டு நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு மலர் போடுகிறோம். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பக்கம். என் பக்கத்தை எழுதிச் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். பக்கம் வடிவமைப்பது அவன்தான். "அக்கா, தாத்தா பேரை எடுத்துட்டு எதிர்த்த வீட்டுத் தாத்தா பேரைப் போட்டாலும் ஒரு எழுத்து மாத்த வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டான். கோபம் வந்தது, ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இதுதான் நான் எழுதியது:

"எங்கள் தாத்தா மிகவும் நல்லவர். மிகவும் கண்டிப்பானவர். எங்கள் ஊர் மிகவும் அழகான கிராமம். வீடு மிகவும் பெரியது. அவர் நடத்திய பலசரக்குக் கடை மிகவும் பிரபலமானது. பேரப்பிள்ளைகள் மேல் மிகவும் பாசமாக இருப்பார். அவர் போன பிறகு எங்கள் மனது மிகவும் கஷ்டமாக இருக்கிறது."

"மிகவும் நல்ல", "மிகவும் மோசமான" என்பதற்கெல்லாம் பதிலாகப் போடுவதற்குப் பெயரடைகளின் பட்டியல் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். வரும் வாரம் அச்சுக்குப் போகிறது.

தமிழாசான்

நல்ல கேள்வி அம்மா. நம் மொழியில் சொல்லுக்கா பஞ்சம்? மிகவும் நல்லவர் என்பதற்கு நற்பண்பாளர், பண்பின் சிகரம், மாசற்ற மனத்தர். அழகான கிராமம் என்பதற்கு எழில் கொஞ்சும் சிற்றூர், வனப்பு மிக்க ஊர். பெரிய வீடு என்பதற்கு விசாலமான இல்லம். பிரபலமான கடை என்பதற்குப் புகழ்பெற்ற அங்காடி. பாசம் என்பதற்கு வாஞ்சை. மனக்கஷ்டம் என்பதற்கு ஆறாத்துயர். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதால்தான் சலிப்புத் தட்டுகிறது. சொல்லை மாற்றினால் நடை தானாக உயரும்.

பிழைதிருத்தி

ஐயா, எழில் கொஞ்சும் கோவில்பட்டிப் பக்கமா? சித்திரை மாதத்தில் ஒருமுறை போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

வார இதழ் ஒன்றில் நெடுநாள் மெய்ப்புப் பார்த்தவன் நான். "நல்லவர்" என்று வரும் கட்டுரைகளை விட "பண்பின் சிகரம்" என்று வரும் கட்டுரைகள்தான் எனக்கு அதிக வேலை வைத்தன. இரண்டும் ஒரே தீர்ப்பு. இரண்டாவது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். அந்தத் தம்பி வைத்த சோதனை சரியான சோதனை. பேரை மாற்றிப் பாருங்கள், அப்போதும் வாக்கியம் பொருந்துகிறதா? "நற்பண்பாளர்" எதிர்த்த வீட்டுத் தாத்தாவுக்கும் பொருந்தும். அப்படியானால் உங்கள் தாத்தாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் பட்டியல் வேண்டாம் செல்வி. நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், சொல் அதிலிருந்து வரும். கண்டிப்பு என்கிறீர்களே, சத்தம் போடுவாரா, அடிப்பாரா, பேசாமல் இருந்துவிடுவாரா? வீடு பெரியது என்றால் அகலமா, நீளமா, உயரமா? கடையில் மற்றவர்கள் செய்யாத எதை அவர் செய்தார்? அழகான ஊர் என்றால் அங்கே கண்ணுக்கு என்ன தெரியும்?

கொங்குப்பொண்ணு

"ரொம்ப" போடுவது தப்பா என்றுதானே பேச்சு? என் மகள் பள்ளிக்கூடத்திலும் இதே சண்டை. "ரொம்ப" என்பது நிரம்ப என்பதிலிருந்து வந்த சுத்தமான தமிழ்ச்சொல். எங்கள் பக்கம் "நெம்ப" என்போம். அதை அடித்துவிட்டு "மிகவும்" என்று சிவப்பு மையில் திருத்துவது எந்த ஊர் நியாயம்?

வடமராட்சியான்

எங்கட பக்கம் "சரியான" எண்டு சொல்லுவம். சரியான வெக்கை, சரியான கெட்டிக்காரன். இந்தியாவில இருந்து வந்த சிநேகிதர் ஒருத்தர் "சரியான விலை" எண்டதை நியாயமான விலை எண்டு விளங்கி, கேட்ட காசைக் குடுத்திட்டு வந்திட்டார். நாங்க சொன்னது விலை கூட எண்டு.

பிழைதிருத்தி

நல்ல கதை. நம் பக்கமும் "நல்ல வெயில்", "நல்ல அடி" என்கிறோமே, அதில் நன்மை எங்கே இருக்கிறது? மிகுதியைச் சொல்ல எப்போதும் நமக்கு ஏதாவது ஒரு சொல் வேண்டியிருக்கிறது. உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூல் சால, கூர், கழி மூன்றையும் சேர்த்து ஆறாக்கியது. ஆகவே கொங்குப்பொண்ணு, "ரொம்ப" மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அதற்குப் பின்னால் வரும் சொல் மேல்தான் வழக்கு. "ரொம்ப நாசூக்கானவர்" என்றால் எனக்கு ஆள் தெரிகிறார். "நனி நல்லவர்" என்றால் தெரியவில்லை.

செல்வி_கோவில்பட்டி

பிழைதிருத்தி ஐயா, கேட்டதற்குப் பதில்.

தாத்தா சத்தமே போடமாட்டார். இருட்டிய பிறகு நாங்கள் வீட்டுக்கு வந்தால் எங்களைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்கே எங்களுக்கு வயிறு கலங்கும்.

வீடு அகலம் இல்லை. தெருக்கதவில் நின்றால் நேராகக் கொல்லைப்புறத்துக் கிணறு தெரியும். நடுவில் இருப்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அறைகள்தான்.

கடையில் கடன் நோட்டு உண்டு. ஆனால் நாலு பேர் நிற்கும்போது யாரிடமும் பாக்கியைக் கேட்கமாட்டார். அந்த ஆள் தனியாக வரும்வரை பொறுத்திருந்து, நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைப்பார். வாயால் கேட்கமாட்டார். ஆனால் ஒரு ரூபாய் கூட விடவும் மாட்டார்.

ஊரில் ஆறு, குளம், மலை எதுவும் கிடையாது. கரிசல்தான். பருத்தியும் கம்பும் உளுந்தும் போடுவார்கள். வெயில் காலத்தில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, கை உள்ளே போகும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். மழை பெய்தால் அதே மண் செருப்பில் அப்பி, நாலு அடி வைப்பதற்குள் கால் கனக்கும். வண்டி வந்தால் மாட்டிக்கொள்ளும். வெளியூர்க்காரர்களுக்கு இது அழகான ஊராகப் படுமா என்று தெரியவில்லை.

பிழைதிருத்தி

பாருங்கள், எழுதி முடித்துவிட்டீர்கள். இனி சொல் தேடும் வேலைதான்.

முதலில் கண்டிப்பு. கண்டிப்பான ஆள் கண்டிப்பார், அதாவது வாய் திறந்து சொல்வார். உங்கள் தாத்தா சொல்லவில்லை. கடுகடுப்பானவரா? அது முகத்தில் தெரியும், எந்நேரமும் இருக்கும். சிடுசிடுப்பு என்றால் கேட்ட கேள்விக்கு வெடுக்கென்று பதில் வரும். முன்கோபி என்றால் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். கடிகாரத்தைப் பார்த்த மனிதருக்கு இவற்றில் எதுவும் ஒட்டவில்லை. "அதட்டாதவர்" என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. இப்படி இல்லாததைச் சொல்லும் சொற்களை நாம் மறந்துபோகிறோம். அதட்டாத, கடிந்து பேசாத, முகம் சுளிக்காத என்றெல்லாம் எழுதலாம்.

கடை விஷயத்தில் அவருக்கு இரண்டு குணம் இருக்கிறது. கணக்கில் கறார், கேட்பதில் நாசூக்கு. கறார் என்று மட்டும் எழுதினால் ஊரில் பாதிக் கடைக்காரர்கள் அப்படித்தான். நாசூக்கு என்று மட்டும் எழுதினால் ஏமாளியோ என்று தோன்றும். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரே ஒரு மனிதர்தான் மிஞ்சுகிறார். ஒருவரை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் இப்படி ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் இரண்டு குணங்கள்தான்.

வீட்டுக்கு "நீண்டு ஒடுங்கிய" போதும். "விசாலமான" என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். விசாலம் என்றால் அகலமும் வேண்டும்.

தமிழாசான்

நான் சொன்னதை முழுவதும் தள்ளிவிட்டீர்களே. "வாஞ்சை" என்பது பாசத்திலிருந்து வேறுபட்டதுதானே?

பிழைதிருத்தி

வேறுபட்டதுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். பாசம் மனதுக்குள்ளேயே இருந்துவிடலாம், வாஞ்சை என்றால் கையிலோ குரலிலோ தெரிய வேண்டும். ஆனால் செல்வியின் தாத்தா வெளியே காட்டினாரா இல்லையா என்று நமக்குத் தெரியாது. காட்டாதவர் என்றால் வாஞ்சை பொருந்தாது. உங்கள் பட்டியலில் உள்ள சொற்களில் எனக்குக் குறையில்லை ஐயா. ஆளைப் பார்க்கும் முன்னே எடுத்து மாட்டியதுதான் குறை.

அடுப்படி_அலமேலு

நான் எழுத்தாளர் இல்லை, மெஸ் நடத்துகிறேன். ஆனால் இந்தப் பேச்சு எங்கள் அடுப்படியில் தினமும் நடப்பது. புதிதாக வேலைக்கு வரும் பையன் "அக்கா, இது கெட்டுப்போச்சு" என்பான். என்ன கெட்டுப்போச்சு, எப்படிக் கெட்டுப்போச்சு? சாம்பார் என்றால் ஊசிப்போயிருக்கும். பால் திரிந்திருக்கும். மாவு புளித்திருக்கும். தேங்காய் அழுகியிருக்கும். எண்ணெய் காறல் அடிக்கும். பருப்பில் வண்டு விழுந்திருக்கும். ஊறுகாயில் பூஞ்சணம் பூத்திருக்கும். வெண்டைக்காய் முற்றியிருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. ஊசின சாம்பாரைக் கொட்ட வேண்டும், வேறு வழியே இல்லை. புளித்த மாவை ஊத்தப்பத்துக்கு வைக்கலாம். திரிந்த பால் புதுப்பால் என்றால் பால்கோவா கிண்டலாம். வண்டு விழுந்த பருப்பைப் புடைத்துக் காய வைக்கலாம். "ரொம்பக் கெட்டுப்போச்சு", "கொஞ்சம் கெட்டுப்போச்சு" என்று சொல்கிற பையனை வைத்து நான் எதை எடுப்பது, எதை வைப்பது? அதனால் வந்த முதல் வாரத்திலேயே இந்தச் சொற்களைப் பழக்கிவிடுவேன்.

பிழைதிருத்தி

அம்மா, இந்த இழையிலேயே தரமான பதிவு இதுதான். கவனித்தீர்களா, நீங்கள் சொன்னதில் பெயரடை என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாம் வினை. ஊசுவது, திரிவது, புளிப்பது, காறுவது, முற்றுவது. தமிழில் துல்லியம் பெரும்பாலும் வினையில்தான் இருக்கிறது. பெயருக்கு முன்னால் நேராக வந்து நிற்கும் நல்ல, பெரிய, சிறிய, புதிய, பழைய போன்ற சொற்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஒன்று, பெயரோடு "ஆன" சேர்த்துச் செய்துகொள்வது, இல்லையென்றால் வினையிலிருந்து பெயரெச்சமாக வருவது. "மோசமான சாம்பார்" என்பதை விட "ஊசின சாம்பார்" நமக்கு நன்றாகத் தெரிவதற்குக் காரணம், என்ன நடந்தது என்பதையும் அந்தச் சொல் சேர்த்தே சொல்கிறது. செல்வி பெயரடைப் பட்டியல் கேட்டார். எனக்குத் தோன்றும் வழி, "எப்படிப்பட்டது" என்று கேட்பதற்கு முன் "அது என்ன செய்கிறது, அதற்கு என்ன ஆயிற்று" என்று கேட்பது. கரிசல் எப்படிப்பட்டது என்று கேட்டால் "அழகான". என்ன செய்கிறது என்று கேட்டால் வெடிக்கிறது, பிளக்கிறது, அப்புகிறது.

வடமராட்சியான்

எல்லாத்தையும் பேருக்கு முன்னால அடுக்கினா அதுவும் வாசிக்க ஏலாது. "வெடித்த, பிளந்த, கறுத்த, மழையில் அப்பும், வண்டியைப் பிடித்து வைக்கும் கரிசல்" எண்டு போட்டா, கரிசல் எண்ட சொல் வாற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும்.

பிழைதிருத்தி

சரியாகப் பிடித்தீர்கள். தமிழில் அடை எல்லாம் பெயருக்கு முன்னால்தான் வந்தாக வேண்டும். அதனால் அடுக்க அடுக்க, யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தள்ளிக்கொண்டே போகும். இரண்டு வரை தாங்கும். மூன்றாவது வந்தால் வாக்கியத்தை உடைத்துவிடுவேன். ஒன்றை மட்டும் முன்னால் வைத்துப் பெயரைச் சொல்லிவிட்டு, மீதியைத் தனி வினைமுற்றாகப் போடலாம். "கறுத்த மண். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் செருப்போடு அப்பிக்கொள்ளும்." இப்போது மூச்சு முட்டவில்லை. "ஆன" என்று முடியும் சொல் ஒரு வாக்கியத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்தால் காதுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. பச்சைப்பசேல், கன்னங்கரேல், செக்கச்செவேல் இவற்றுக்கு முன்னால் "மிகவும்" போடாதீர்கள். மிகுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிரம்மாண்டம், உச்சம் போன்றவையும் அப்படித்தான். "மிகவும் பிரம்மாண்டமான" என்று சுவரொட்டியில் பார்க்கும்போதெல்லாம் கை சிவப்புப் பேனாவைத் தேடும்.

நைட்_டூட்டி

வேலை முடிந்து இப்போதுதான் படித்தேன். நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். செல்வியின் கடைசி வரி, "மனது மிகவும் கஷ்டமாக இருக்கிறது", அதை யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன்.

எங்களிடம் வருகிறவர்கள் முதலில் சொல்வது "ரொம்ப வலிக்குது". அதை வைத்து ஒன்றும் தெரியாது. எப்படி வலிக்கிறது என்று திரும்பக் கேட்டால் நம் ஆட்கள் அருமையாகச் சொல்வார்கள். விண்விண்ணென்று தெறிக்கிறது, சுருக்கென்று குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, பிசைகிறது, சுண்டி இழுக்கிறது, மரத்துப்போகிறது, எரிகிறது. ஒவ்வொன்றையும் மருத்துவர் வேறு வேறாக எடுத்துக்கொள்வார். சர்க்கரை நோயாளி பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்றால் நரம்பைப் பார்ப்பார். வயிற்றை விட்டு விட்டுப் பிசைகிறது என்றால் யோசனை வேறு பக்கம் போகும்.

உலகம் முழுக்க இதற்கு ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1975இல் ரொனால்ட் மெல்சாக் என்பவர் வெளியிட்டது, மெக்கில் வலிக் கேள்வித்தாள் என்பார்கள். வலியைச் சொல்லும் 78 சொற்களை 20 குழுவாகப் பிரித்து வைத்திருப்பார். குழுவுக்கு ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது, பொருந்தாத குழுவை விட்டுவிடலாம். எவ்வளவு வலி என்பதோடு எந்த மாதிரி வலி என்பதையும் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

எனக்கு மிகவும் பயம் தருவது "ரொம்ப" இல்லை, "ஒரு மாதிரி". "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்" என்பார்கள். மாரடைப்பு என்றால் குத்தும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிறையப் பேருக்கு அது அழுத்துகிற மாதிரி, இறுக்குகிற மாதிரி, கல்லை ஏற்றி வைத்த மாதிரிதான் வரும். சிலருக்கு வலியே பெரிதாக இருக்காது. வலி என்ற சொல் பொருந்தாததால் "ஒரு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார்கள். ஆகவே நாங்களே "அழுத்துதா, இறுக்குதா, கைக்குப் பரவுதா, வேர்க்குதா" என்று சொற்களை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். நெஞ்சில் அழுத்தம், வேர்வை, மூச்சிரைப்பு இருந்தால் சொல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே 108க்கு அழையுங்கள்.

மனசுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று தோன்றியது. கஷ்டம் சரி, எந்த மாதிரிக் கஷ்டம்?

செல்வி_கோவில்பட்டி

நைட் டூட்டி அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே பதில் போட முடியவில்லை. தாத்தாவும் கடைசி நாள் மத்தியானம் அப்படித்தான் சொன்னாராம், "ஒரு மாதிரியா இருக்கு, செத்த நேரம் படுத்துக்கிறேன்" என்று. கடையில் இருந்த பையனிடம் மட்டும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எதையும் யாரிடமும் சொல்லாத மனிதர்தான்.

எந்த மாதிரிக் கஷ்டம் என்று கேட்டால், அவர் இல்லையே என்பதை விட, சொல்லியிருக்கலாமே என்பதுதான் எனக்கு அதிகமாக இருக்கிறது. அப்பாவுக்கு வேறு மாதிரி. அப்பா எதுவும் சொல்வதில்லை, ஆனால் இன்னமும் கடைப்பக்கம் போவதில்லை. அத்தைக்குக் கோபம், கடைப் பையன் மேல்.

நைட்_டூட்டி

மன்னித்துக்கொள்ளுங்கள் செல்வி, எனக்குத் தெரியாது. கடைப் பையன் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். மருத்துவமனையிலேயே "ஒரு மாதிரி" என்பதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிழைதிருத்தி

செல்வி, நீங்கள் சொன்ன மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. சொல்லியிருக்கலாமே என்பது ஆதங்கம். நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்ற குறை அதில் இருக்கும், கொஞ்சம் உரிமையும் இருக்கும். வேற்று ஆள் மேல் ஆதங்கம் வருவது குறைவு. அப்பாவுடையது ஆற்றாமை. தாங்கவும் முடியாது, செய்வதற்கும் ஒன்றும் இல்லை. அத்தையுடையது கோபம் என்கிறீர்கள். அது பேச்சுவார்த்தை குறைகிற அளவுக்குப் போனால் மனத்தாங்கல். ஏக்கம் என்று எழுதியிருந்தால் மூன்றுமே தப்பாகியிருக்கும். ஏக்கம் கிடைக்காததை விரும்பிக்கொண்டே இருப்பது.

"மனது மிகவும் கஷ்டமாக இருக்கிறது" என்ற ஒரே வரிக்குள் மூன்று பேரையும் போட்டு மூடியிருந்தீர்கள்.

தமிழாசான்

துல்லியம் எல்லாம் சரி. ஆனால் நினைவு மலரில் "எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம்" என்று போட்டால் இறந்தவரைக் குறை சொன்னது போல ஆகாதா? ஊரார் படிப்பார்கள், சம்பந்தி வீட்டார் படிப்பார்கள். "ஆறாத்துயர்" என்பது பழகிப்போன சொல்தான். ஆனால் அது யாரையும் குத்தாது. சடங்கு எழுத்துக்குப் பொதுச்சொல் ஒரு மரியாதை.

கொங்குப்பொண்ணு

ஐயா சொல்வது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. எங்கள் வீட்டு மலரில் ஒருத்தர் பெரியப்பாவைச் "சிக்கனமானவர்" என்று எழுதப் போய், பெரியம்மா அதைக் கஞ்சன் என்று எடுத்துக்கொண்டு பந்தியில் உட்காரவே இல்லை. "செட்டானவர்" என்று போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பிழைதிருத்தி

ஐயாவின் இந்தப் பதிலை நான் தள்ளமாட்டேன். துல்லியமான சொல்லுக்குப் பக்கவாட்டில் ஒரு முனை உண்டு. பொதுச்சொல் யார் மேலும் படாது, துல்லியமான சொல் யார் மேலாவது படும். செல்வியின் தாத்தாவை "அழுத்தக்காரர்" என்று சொல்லிவிடலாம், எதையும் வெளியே விடாதவருக்கு அதை விடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் அதில் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "வாயடக்கமானவர்" என்றால் பாராட்டு, ஆனால் பாதிதான் உண்மை. நான் இதழுக்கு எழுதுவதாக இருந்தால் அழுத்தக்காரர் என்றே போடுவேன். வீட்டு மலருக்கு என்ன போடுவது என்பதை வீட்டில் இருக்கிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

செல்வி_கோவில்பட்டி

திருத்தி எழுதியிருக்கிறேன். பாருங்கள்:

"எங்கள் தாத்தா நல்லவர். அதட்டமாட்டார். விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வந்தால் எங்களைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், அது போதும். கடைக் கணக்கில் கறார். ஆனால் நாலு பேர் முன்னால் யாரிடமும் பாக்கி கேட்டதில்லை. ஆள் தனியாக வரும்போது நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைப்பார். எங்கள் ஊர் கரிசல் பூமி. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் செருப்போடு அப்பிக்கொள்ளும். அந்த மண்ணை மிதித்து வருகிறவர்கள் கால் கழுவுவதற்காகக் கடை வாசலில் எப்போதும் ஒரு வாளி தண்ணீர் வைத்திருப்பார். நீண்டு ஒடுங்கிய எங்கள் வீட்டில் தெருக்கதவைத் திறந்தால் கிணறு தெரியும். தன் உடம்புக்கு என்ன என்பதை மட்டும் அவர் யாருக்கும் தெரியவிடவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எங்களுக்கு உண்டு."

வாளி விஷயம் எழுத எழுத ஞாபகம் வந்தது. "அழுத்தக்காரர்" போடவில்லை. ஆதங்கத்தை எடுக்க எனக்கு மனம் இல்லை, ஆனால் அத்தை இன்னும் படிக்கவில்லை.

தமிழாசான்

இவ்வளவு விவாதத்துக்குப் பிறகும் முதல் வரி "நல்லவர்" என்றே இருக்கிறதே!

செல்வி_கோவில்பட்டி

பெரியப்பா அதை எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார் ஐயா. "மிகவும்" மட்டும் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்.

பிழைதிருத்தி

இருக்கட்டும். கீழே இத்தனை இருக்கும்போது அந்த "நல்லவர்" தாங்கும். தனியாக நின்றபோதுதான் அதற்குள் ஒன்றும் இல்லாமல் இருந்தது. பெரியப்பாவின் வாயில் அது வெறும் பழக்கச்சொல்லாக இருக்காது என்றும் நினைக்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம். "கரிசல் பூமி" என்பதில் பூமியை எடுத்துவிட்டு "கரிசல் காடு" என்று போடுங்களேன். உங்கள் பக்கம் வயலைக் காடு என்றுதானே சொல்வீர்கள்?

செல்வி_கோவில்பட்டி

சொல்வோம் ஐயா. ஆனால் பெங்களூரில் வளர்ந்த பிள்ளைகள் மரம் அடர்ந்த காடு என்று நினைத்துக்கொள்ளும். அவர்களுக்காகத்தான் "பூமி" போட்டேன்.

வடமராட்சியான்

எனக்கும் மரக்காடுதான் ஞாபகம் வந்தது. பூமியே இருக்கட்டும்.

அடுப்படி_அலமேலு

காடு என்றே போடம்மா. பிள்ளைகள் கேட்டால் யாராவது சொல்லிக் கொடுக்கட்டும்.